42 பக்கம் வேண்டாம், 3 பக்கம் தருகிறேன்

"ஐயா, எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. எங்கள் விவசாயிகள் சங்கத்துக்குப் பொன்விழா மலர் போடுகிறோம். கால்வாயைப் பற்றி 1991இல் வந்த ஒரு புத்தகத்திலிருந்து 42 பக்கங்களைப் போனில் படம் எடுத்து, எழுத்தாக மாற்றி, இத்துடன் ஒட்டியிருக்கிறேன். பிழை திருத்தி, புத்தகத்தில் உள்ளபடியே முழுதாக மலருக்குத் தயார் செய்து தரவேண்டும். ஆசிரியர் 1998இல் காலமாகிவிட்டார். பதிப்பகத்தையும் மூடிவிட்டார்கள். புத்தகம் எங்கு தேடியும் விலைக்குக் கிடைக்கவில்லை. மலர் 1,000 பிரதி, இலவசமாகத்தான் கொடுக்கிறோம். 'நன்றி' என்று ஆசிரியர் பெயரைப் பெரிதாகப் போட்டுவிடுகிறோம்."
— ஒரு வாசகர், வீரவநல்லூர்

அண்ணாச்சி, அனுப்பியதை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். அதைத் திருத்தி அப்படியே மலருக்குத் தர என்னால் ஆகாது. அந்தப் பக்கங்களில் உள்ள விஷயத்தை எடுத்து, என் சொல்லில், மூன்று பக்கத்துக்கு ஒரு சுருக்கம் எழுதித் தருகிறேன். அதற்குக் கூலி எதுவும் வேண்டாம்.

ஆசிரியர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு அவருடைய உரிமை போய்விடவில்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும் காலமும், இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டும் அந்த எழுத்து அவருக்கோ வாரிசுக்கோதான் சொந்தம். முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1992இல் 60 ஆக்கினார்கள். உங்கள் ஆசிரியருக்குக் கணக்குப் போட்டால் 1999 ஜனவரி 1இல் தொடங்கி 2058 டிசம்பர் 31இல் முடிகிறது. 2059இல் உங்கள் சங்கம் நூற்றாண்டு மலரை நெருங்கிக்கொண்டிருக்கும். அப்போது 42 பக்கத்தையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பதிப்பகம் மூடியதிலும் உரிமை பொதுவாகிவிடவில்லை. அது வேறு கைக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். ஆசிரியர் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால்தான் உரிமை பதிப்பகத்துக்குப் போயிருக்கும். அந்தக் காலத்தில் நம் பக்கம் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே புத்தகம் போட்டார்கள். ஆகவே உரிமை இப்போது பிள்ளைகள் கையில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதில் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரை நான்தான் தொகுத்தேன். ஊர் வரலாறு வேண்டும் என்றார்கள். கையில் இருந்த ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயம் அப்படியே பொருந்தியது, 14 பக்கம். 'நன்றி' என்று கீழே போட்டு அச்சுக்கு அனுப்பினேன். விழாவுக்கு நாலு நாள் முன்னால் அந்த ஆசிரியரின் மகன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "எங்க அப்பா அதை எழுத ஏழு வருஷம் சைக்கிள்ல சுத்துனாரு சார், ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான். சட்டத்தில் சிறைவரைக்கும் இடம் உண்டு. ஊர் மலர் போடுகிறவர்களிடம் நடப்பது பெரும்பாலும் இப்படி ஒருவர் வந்து நிற்பதுதான். எனக்கு இதுவே போதுமாக இருந்தது. 800 பிரதி, எல்லாம் நடுவில் பின் அடித்துத் தயாராக இருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் பின்னை நெம்பி, ஒரே தாளாக அடித்து மடித்த அந்த 16 பக்கப் பாரத்தை மட்டும் உருவி எடுத்து, மறுபடி பின் அடித்தோம். அந்தப் பாரத்தில் மிச்சம் இருந்த இரண்டு பக்கம் விளம்பரம். விளம்பரம் கொடுத்தவர்களுக்குப் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால்தான் 'நன்றி' என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். பெயரைப் போடுவது வேறு, கேட்டு வாங்குவது வேறு. பெயரைப் போடாவிட்டால் அது இரண்டாவது தப்பு. போட்டதால் முதல் தப்பு சரியாகிவிடாது. இலவசமாகக் கொடுப்பதும் அப்படித்தான். மலருக்கு விளம்பரம் வாங்கியிருப்பீர்கள், அதையும் பார்ப்பார்கள். விளம்பரமே இல்லாவிட்டாலும் 1,000 வீட்டுக்கு அந்த 42 பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு, நாளைக்கு அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை மறுபதிப்புப் போட்டால் உங்கள் பக்கம் யார் வாங்குவார்கள்?

கல்லூரி வாத்தியார் யாராவது, "டெல்லி ஐகோர்ட்டே ஜெராக்ஸ் போடலாம் என்று சொல்லிவிட்டதே" என்பார். 2016இல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் அது வகுப்பில் பாடம் நடத்துகிறபோது ஆசிரியரும் மாணவரும் எடுத்துக்கொள்ளும் பிரதியைப் பற்றியது. பொன்விழா மலர் வகுப்பறை ஆகாது. அதேபோல, பத்து சதவீதம் வரை எடுக்கலாம், நானூறு சொல் வரை எடுக்கலாம் என்றெல்லாம் ஒரு பேச்சு உலவுகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு அளவே கிடையாது. 1996இல் கேரள உயர்நீதிமன்றம் ஒரு நாடக வழக்கில் மூன்று விஷயத்தைப் பார்த்தது: எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், எடுத்தது மூலத்தோடு போட்டிக்கு நிற்குமா என்று. விமர்சனம் எழுதி, அதற்கு ஆதாரமாக நாலு வரி எடுத்தால் இந்த மூன்றிலும் தேறும். 42 பக்கத்தை ஒரு வார்த்தை சேர்க்காமல் போட்டால் ஒன்றிலும் தேறாது.

புத்தகம் கிடைக்கவில்லை என்பது மட்டும் எனக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத ஒரு புத்தகத்தை, லாப நோக்கம் இல்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று பிரதிவரை எடுத்துக்கொள்ளலாம். நூலகப் பொறுப்பாளர் சொல்லி எடுக்க வேண்டும். உங்கள் கிளை நூலகத்தில் நூலகரைப் பாருங்கள். உங்கள் கையில் உள்ள புத்தகத்தைக் கொடுத்து முழுதாக நகல் எடுத்து, பைண்டு பண்ணி அடுக்கில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவைச் சங்கம் கொடுக்கட்டும். மலரில் சுருக்கத்தின் கீழே, "முழுப் புத்தகமும் நம் கிளை நூலகத்தில் உள்ளது" என்று ஒரு வரி போடலாம். ஆர்வம் உள்ளவன் போய் வாசிப்பான். நீங்கள் உங்கள் சொந்த வாசிப்புக்காகப் போனில் எடுத்து வைத்திருப்பதிலும் தப்பில்லை.

சரி, சுருக்கத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். "அப்படியானால் 42 பக்கத்தை வெட்டி வெட்டி 10 பக்கமாக்கிவிடுகிறேன், அதுதானே சுருக்கம்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. ஆசிரியரின் வாக்கியங்களை வைத்துக்கொண்டு நடுநடுவே உருவிவிட்டுக் குறுக்குவதைச் சட்டம் தழுவல் என்ற கணக்கில் சேர்த்திருக்கிறது. அதைச் செய்யும் உரிமையும் ஆசிரியருக்குத்தான். நான் தருவதாகச் சொல்வது வேறு ஜாதி. புத்தகத்தில் உள்ள செய்தி யாருக்கும் சொந்தமில்லை. சொன்ன விதம்தான் அவருக்குச் சொந்தம். 1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு சினிமா வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: கருத்துக்கும், கதைப்பொருளுக்கும், வரலாற்றுச் செய்திக்கும், புராணச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை.

எது எது என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும். அந்தப் புத்தகத்திலிருந்தே ஒரு பத்தியை இங்கே எடுத்துப் போட்டால் உங்களுக்குச் சொல்லும் புத்தி எனக்கு இல்லை என்றாகிவிடும். ஆகவே அந்தப் போக்கில் நானே ஒரு பத்தி கட்டுகிறேன். இதுதான் மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"சித்திரை வெயிலில் வாய்க்கால் தன் முதுகெலும்பைக் காட்டிக்கொண்டு கிடக்கும். மலையில் சாரல் விழுந்த சேதியை ஊருக்கு முதலில் சொல்வது வானம் அல்ல, மடைக்கல்லில் ஒட்டிக் காய்ந்திருக்கும் பாசிதான். பாசி பச்சை திரும்பிய மூன்றாம் நாள் நீர்ப்பாய்ச்சி மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கிளம்பிவிடுவார்."

வெட்டிக் குறுக்கினால் இப்படி வரும்:

"சித்திரையில் வாய்க்கால் முதுகெலும்பைக் காட்டிக் கிடக்கும். சாரல் சேதியை முதலில் சொல்வது மடைக்கல் பாசிதான். பச்சை திரும்பிய மூன்றாம் நாள் நீர்ப்பாய்ச்சி கிளம்பிவிடுவார்."

சொல் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ஆனால் முதுகெலும்பு அவருடையது, சேதி சொல்லும் பாசி அவருடையது, வாக்கியம் போகிற வரிசையும் அவருடையது. ஓரத்தைக் கத்தரித்தாலும் பாய் பத்தமடைப் பாய்தான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கோடையில் இந்த வாய்க்காலில் தண்ணீர் வராது. தென்மேற்குப் பருவமழையில் ஆற்றில் வரத்து கூடியதை, மடையில் ஏறும் ஈரத்தை வைத்தே அந்தக் காலத்தில் கண்டுகொண்டார்கள் என்றும், இரண்டு மூன்று நாளில் நீர் பங்கிடும் வேலை தொடங்கிவிடும் என்றும் ஆசிரியர் எழுதுகிறார்."

அழகு போய்விட்டது என்பீர்கள். போனதுதான். அழகு அவருடையது, அதைத்தான் எடுக்கக் கூடாது. செய்தி மூன்றும் நிற்கிறது: கோடையில் தண்ணீர் இல்லை, மடையில் ஈரம் அறிகுறி, மூன்று நாளுக்குள் பங்கீடு. முதுகெலும்பு என்ற அந்த ஒரு சொல் இல்லாமல் முடியாது என்று தோன்றினால், அதை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்க எண்ணும் கொடுத்து, அதைப் பற்றி நாமும் ஒரு வரி சொல்லலாம். மூன்று பக்கச் சுருக்கத்தில் அப்படி இரண்டு இடத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

நான் வேலை செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு புத்தகத்துக்கு நீங்களே செய்துகொள்ளலாம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுருக்கம் எழுத உட்கார்ந்தால், கண் அந்த வரியிலேயே போய் நிற்கும், கை அதையே எழுதும். ஆகவே முதல் நாள் வாசிக்கிறபோது ஒரு தாளில் செய்தியை மட்டும் துண்டு துண்டாகக் குறிப்பேன். "பக்.19, அணைக்கட்டு மேலிருந்து 3ஆவது" என்கிற மாதிரி, வாக்கியமே இல்லாமல். மறுநாள் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தத் தாளை மட்டும் பார்த்து எழுதுவேன். எழுதி முடித்த பிறகுதான் புத்தகத்தை எடுத்து ஒப்பிடுவேன். ஐந்தாறு சொல் தொடர்ந்து ஒன்றாக வந்திருந்தால் அந்த வாக்கியத்தை அழித்து மறுபடி எழுதுவேன். இந்த ஐந்தாறு சொல் கணக்கு சட்டத்தில் உள்ளது அல்ல, என் கைப்பழக்கம்.

இன்னொன்று வரிசை. உங்கள் ஆசிரியர் அணைக்கட்டில் தொடங்கி, மடை மடையாகக் கீழே இறங்கி, கடைசிக் குளத்தில் முடிக்கிறார். நானும் அதே வழியில் நடந்து, அவர் நின்ற இடத்தில் எல்லாம் நின்றால், சொல் என்னுடையதாக இருந்தாலும் கட்டுமானம் அவருடையது ஆகிவிடும். உங்கள் மலரை வாசிக்கப்போகிறவர்கள் இன்றைக்கு வயல் வைத்திருக்கிறவர்கள். கடைமடைக்கு ஏன் தண்ணீர் தாமதமாக வருகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கப் போகிறேன். கடைசிக் குளத்திலிருந்து மேலே ஏறும் சுருக்கமாக அது இருக்கும்.

தொடக்கம் ஏறக்குறைய இப்படி வரும், பாருங்கள்:

"தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து எண்ணினால் கோடைமேலழகியான், நதியுண்ணி, அடுத்து மூன்றாவதாகக் கன்னடியன். கீழே அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியில் ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் கால்வாய் ஆற்றின் தென்கரையில் பிரிகிறது. கார், பிசானம் என்ற இரண்டு பட்டத்துக்கும் வழியில் உள்ள குளங்களை நிரப்பிக்கொண்டேதான் தண்ணீர் கீழே போகும். ஒவ்வொரு குளமாக நிரம்பினால்தான் அடுத்த குளம். கடைமடைக்காரரின் பாடு அங்கேயே தொடங்குகிறது என்பது இந்த நூலாசிரியரின் வாதம்."

இதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றது எல்லாம் ஊரறிந்த செய்தி. எந்தப் புத்தகத்திலும் இருக்கும், எவரும் எழுதலாம். கடைசியில் உள்ளது மட்டும் அவர் யோசித்துச் சொன்ன கருத்து. அதைச் சொல்லலாம், ஆனால் அவர் பெயரால்தான் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் முடிந்ததும் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், வருஷம், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்பதை முழுதாகப் போடுவோம்.

பசு நடந்த வழியில் கால்வாய் வெட்டிய கன்னடியன் கதையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது நம் ஊர்க் கதை. உங்கள் ஆச்சி சொல்லியிருப்பார், என் ஆச்சியும் சொன்னாள். அதை நாம் நம் வாயால் சொல்ல யாரிடமும் கேட்க வேண்டாம். அந்த ஆசிரியர் அதை ஒன்பது பக்கத்துக்கு வசனம் எல்லாம் சேர்த்து நாடகமாக எழுதியிருக்கிறாரே, அந்த வசனம் மட்டும் அவருடையது. மலருக்கு உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணி எழுதுங்கள். பசு எந்த இடத்தில் படுத்தது என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும். உங்கள் ஊர் எந்த இடம் சொல்கிறதோ அதைப் போடுங்கள், புத்தகத்தில் அது இருக்காது.

நீங்கள் ஒட்டியதில் ஆறு பக்கம் வேறு வகை. 1917இல் வந்த திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரிலிருந்து ஆசிரியர் மொழிபெயர்த்த பகுதி அது. கெசட்டியரை எழுதியவர் பேட் என்ற வெள்ளைக்கார அதிகாரி, அரசாங்க வெளியீடு. அரசாங்க வெளியீட்டுக்கு வெளிவந்த வருஷத்திலிருந்துதான் கணக்கு, ஆகவே அது எப்போதோ பொதுவாகிவிட்டது. ஆனால் உங்கள் ஆசிரியரின் தமிழ் மொழிபெயர்ப்பு அவருடைய உழைப்பு, அதற்குத் தனி உரிமை உண்டு. 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி சரித்திரத்துக்கும் இதே நிலைமைதான்: ஆங்கில மூலம் பொது, அண்மையில் யாராவது செய்த தமிழ் பொது அல்ல. ஆகவே அந்த ஆறு பக்கத்துக்கு நான் நேரே கெசட்டியரின் ஆங்கிலத்தை எடுத்து, வேண்டிய இடத்தை மட்டும் புதிதாகத் தமிழாக்கித் தருகிறேன். அது முழுதாகவே மலரில் வரலாம். படங்களை விட்டுவிடுங்கள். புகைப்படத்துக்கு எடுத்தவரின் உரிமை தனி, அவர் யாரென்றே புத்தகத்தில் இல்லை. அணைக்கட்டுக்கு ஒரு பையனை அனுப்பினால் போனிலேயே நல்ல படம் எடுத்து வந்துவிடுவான்.

இவ்வளவுக்கும் பிறகு முழுப் பகுதியும் வேண்டும் என்றே சங்கம் நினைத்தால், வாரிசுகளிடம் எழுதிக் கேளுங்கள். போனில் "போட்டுக்கங்க" என்று ஒருவர் சொன்னால் போதாது. அனுமதி எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பிள்ளைகள் மூன்று பேர் என்றால் மூன்று பேரும் போட வேண்டும். வெளியூரில் இருக்கும் மகளை விட்டுவிட்டு மூத்தவரிடம் மட்டும் வாங்கி வருவார்கள், சங்கடம் அங்கேதான் முளைக்கும். கடிதத்தில் எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எத்தனை பிரதி, இந்த மலரில் ஒரே ஒரு தடவை, அச்சில் மட்டும், என்ன தொகை கொடுக்கிறோம் அல்லது தொகை இல்லை, இவ்வளவும் இருந்தால் போதும், ஒரு பக்கம்தான் வரும். முதலில் ஒன்று பார்த்துவிடுங்கள்: ஆசிரியரின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவையா என்று. தமிழக அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்துப் பல எழுத்தாளர்களின் நூல்களை அப்படிப் பொதுவாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருந்தால் என் பேச்சு பாதி தேவைப்படாது, நாளைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம்.

விழா மேடையில் ஒரு காரியம் செய்யலாம். வெளியான நூலிலிருந்து அளவான ஒரு பகுதியைப் பொது இடத்தில் வாய்விட்டு வாசிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நல்ல குரல் உள்ள ஒரு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். அவருடைய நடையை ஊர் காதால் கேட்கட்டும். நான் சுருக்கத்தில் தொலைத்த அழகு அங்கே திரும்பக் கிடைத்துவிடும்.

பிழை திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. போன் எழுத்தாக மாற்றியதில் காலும் ரகரமும் குழம்பி, பாதி இடத்தில் "கரல்வரய்" என்று வந்திருக்கிறது. பழைய அச்சில் இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் வருகிற கோளாறு இது. 'வரத்து' என்பது ஒரு இடத்தில் 'வாத்து' ஆகி, குளத்தில் நல்ல வாத்து இருந்ததாக வந்திருக்கிறது. நீங்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பிரதிக்கு, பொறுமையாக ஒரு தடவை புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒப்பிட்டபோது எனக்கு வேறு ஒன்று தட்டுப்பட்டது. அந்தப் புத்தகம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒட்டியதில் 33ஆம் பக்கத்தின் அடியில், கரை உடைந்த வருஷம் உங்கள் தெருக்காரர்கள்தான் ராத்திரியோடு ராத்திரியாக வைக்கோலும் மண்ணும் போட்டு அடைத்தார்கள் என்று ஒரு பத்தி வருகிறது. புத்தகத்தில் அந்தப் பத்தி இல்லை. போன் தானாக எழுதியிருக்காது. அவர் பெயரில் அது அச்சேறினால், அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்ததாகிவிடும்; வாரிசுகள் கோபப்பட அது ஒன்றே போதும். ஆனால் எழுதியவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது; வைக்கோல் பிரியைத் திரித்த விதம்வரை அதில் இருக்கிறது. யார் எழுதியது என்று விசாரித்து எழுதுங்கள். அவர் பெயரிலேயே, அரைப் பக்கத்துக்கு, மலரில் தனியாகப் போடுவோம்.